உப்பிய மின்தேக்கி: கண்ணால் காண்பதும் கையால் மாற்றுவதும்

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிக் கணினி அறைகளில் ஒரு மூலையில் பழைய மானிட்டர்களும் சி.பி.யு. பெட்டிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். "போர்டு போயிடுச்சு சார்" என்று யாரோ ஒருவர் சொன்னதோடு அவற்றின் கதை முடிந்திருக்கும். அந்த அடுக்கில் சில கருவிகள், இருபது முப்பது ரூபாய் பெறும் ஒரு சிறு பாகத்தால் நின்று போனவை. வேறு சில, அதே பாகத்தை மாற்றப் போய், அதுவரை நன்றாக இருந்த போர்டும் சேர்ந்து கெட்டுப் போனவை. இந்த இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

அந்தப் பாகம் மின்தேக்கி. கடைக்காரர்கள் கெப்பாசிட்டர் என்பார்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். மின்தேக்கியில் பல வகை உண்டு. நாம் பார்க்கப் போவது சிறு உருளை வடிவில், பிளாஸ்டிக் உறை போர்த்தி நிற்கும் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகை மட்டும்.

உள்ளே இருப்பது என்ன?

இரண்டு உலோகத் தட்டுகள், நடுவில் ஒரு மின்காப்புப் பொருள் என்று வகுப்பில் மின்தேக்கியைப் படம் போட்டுக் காட்டுகிறோம். இந்த உருளைக்குள் அந்தத் தட்டுகள் இரண்டு நீளமான அலுமினியத் தாள்கள். அவற்றுக்கு இடையில் ஒரு மின்பகு திரவத்தில் ஊறிய காகிதம் இருக்கிறது. மூன்றையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அலுமினியக் குப்பிக்குள் செருகி, அடியை ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். மின்காப்பாக வேலை செய்வது அந்தக் காகிதம் அன்று. ஒரு தாளின் மேல் படர்ந்துள்ள மிக மெல்லிய அலுமினிய ஆக்ஸைடு படலமே அந்த வேலையைச் செய்கிறது.

திரவத்தில் நீர் உண்டு. அலுமினியமும் நீரும் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். நல்ல தயாரிப்பில் திரவத்தோடு சேர்க்கும் வேதிப்பொருள்கள் இந்த வினையை அடக்கி வைக்கும். அவை சரியாக இல்லாவிட்டால் உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். குப்பி வெடித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் தலையில் கூட்டல் குறி போலவோ, மூன்று கிளையாகப் பிரிந்தோ கோடுகள் கீறியிருப்பார்கள். அந்தக் கீறலில் உலோகம் மெலிந்திருக்கும். அழுத்தம் ஏறினால் முதலில் தலை உப்பும், பிறகு கீறல் வழியே பிளந்து வாயு வெளியேறும். நாம் கண்ணால் பார்க்கும் உப்பல் இதுதான்.

2000-களின் தொடக்க ஆண்டுகளில் இப்படித் தரக்குறைவான திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் போர்டுகளில் ஏறிவிட்டன. டெல் நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 கணினிகள் இதனால் பெயர் கெட்டவை. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தலை உப்பிய போர்டுகள் அந்தக் காலத்தவை.

தரமான மின்தேக்கிக்கும் ஆயுள் உண்டு. அதை முடிவு செய்வது வெப்பம். ஒரு மின்தேக்கியின் மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது, தயாரிப்பாளர் அதற்கு 2000 மணி நேரம் ஆயுள் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. 65 டிகிரியில் வைத்தால் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம் வரும். 85 டிகிரியில் 8,000 மணி நேரம்தான். மின்விசிறியில் தூசி அடைத்துப் பெட்டிக்குள் சூடு 20 டிகிரி ஏறினால் ஆயுள் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

எப்படிப் பார்ப்பது?

முதலில் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே எடுத்துவிட வேண்டும். சி.பி.யு.வின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தூசியை மென்மையான தூரிகையால் நீக்கிவிட்டு, கைவிளக்கை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். சமமான தலையில் ஒளி ஒரே சீராகத் தெரியும். சற்று உப்பியிருந்தாலும் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் நிழலும் விழும்.

சந்தேகம் வந்தால் நம் மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் அளவுகோலே போதும். அதன் விளிம்பைக் குப்பியின் தலைக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நல்ல மின்தேக்கியில் தலையைச் சுற்றி ஓரம் சற்றே உயர்ந்திருக்கும். அளவுகோல் அந்த ஓரத்தில் இருபுறமும் உட்காரும். உப்பியதில் அளவுகோல் நடுவில் நின்று இருபுறமும் ஆடும். தள்ளாட்டம் இலேசாக இருந்தாலும் அந்த மின்தேக்கி கெட்டதுதான். "கொஞ்சம்தான் உப்பியிருக்கிறது" என்று ஒரு நிலை கிடையாது.

தலையை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. சில சமயம் தலை திறப்பதற்கு முன் அடியிலுள்ள ரப்பர் மூடி பிதுங்கும். அப்போது தலை சமமாகவே இருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவை நேராக நிற்க, இது மட்டும் சாய்ந்தோ எழும்பியோ நிற்கும். திரவம் கசிந்திருந்தால் தலையிலோ அடியிலோ பழுப்பு நிறத்தில் துருப்போன்ற பொருக்கு படிந்திருக்கும்.

ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. பவர் போர்டில் பெரிய பாகங்கள் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையிலேயே மஞ்சள் கலந்த பசை தடவுவார்கள். சூட்டில் அது பழுப்பாகிக் கசிவு போலவே தெரியும். பசை பல பாகங்களை ஒட்டியபடி கட்டியாக இருக்கும். கசிவு ஒரு மின்தேக்கியின் அடியிலிருந்து மட்டும் கிளம்பிப் படர்ந்திருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் உறை சுருங்கி மேலே ஏறியிருப்பதையும் சிலர் பழுது என்று நினைப்பார்கள். உறை சுருங்கியது அந்த இடத்தில் சூடு அதிகம் என்பதைச் சொல்கிறதே தவிர, கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை.

எங்கே பார்ப்பது? மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்பவற்றை முதலிலும், மெமரி செருகும் இடத்துக்கு அருகில் உள்ளவற்றை அடுத்தும் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துளைகள் வழியே விளக்கடித்து, பல நிறக் கம்பிகள் வெளியே வரும் பக்கத்தைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாதது

உப்பியிருந்தால் கெட்டது என்பது உறுதி. உப்பாவிட்டால் நல்லது என்பது உறுதியில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டி நல்ல உவமை. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருகிறது. இடைவெளியைத் தொட்டி நிரப்புகிறது. பவர் போர்டும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. அந்த வெட்டுகளை நிரப்பிச் சீராக்குவது மின்தேக்கி. தொட்டியின் கொள்ளளவு போலத்தான் மைக்ரோஃபாரட் அளவு. ஆனால் தொட்டி பெரியதாக இருந்தும் அதன் குழாயில் பாசி அடைத்துவிட்டால் என்ன பயன்? திரவம் உலரும்போது மின்தேக்கிக்குள் இந்த அடைப்பு ஏற்படுகிறது. உள் மின்தடை ஏறிவிட்டது என்கிறோம். இதை அளக்க இ.எஸ்.ஆர். மீட்டர் என்று தனிக் கருவி உண்டு. சாதாரண மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட் அளவு ஏறத்தாழச் சரியாகக் காட்டும் மின்தேக்கியும், உள் மின்தடை ஏறிப் பயனற்றுப் போயிருக்கலாம்.

இன்னொன்று, புதிய மதர்போர்டுகளில் தலையில் கீறலே இல்லாமல், உறையும் இல்லாமல், வெள்ளிக் குப்பியாக நிற்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். அவை திட பாலிமர் வகை. உள்ளே திரவம் இல்லாததால் உப்புவதும் கசிவதும் அவற்றில் மிக அரிது. அத்தகைய போர்டு நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். கண்ணால் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

மானிட்டர் பவர் போர்டு: ஒரு நேர்வு

ஒரு 17 அங்குல எல்.சி.டி. மானிட்டரை எடுத்துக்கொள்வோம். காலையில் சுவிட்சைப் போட்டால் விளக்கு மட்டும் மினுக்கும். ஐந்தாறு நிமிடம் கழித்துப் படம் வரும். வந்த பிறகு மாலை வரை குறையில்லை. நாளாக நாளாக அந்த ஐந்து நிமிடம் அரை மணி ஆகும். ஒரு நாள் படமே வராது.

மின்தேக்கிப் பழுதைத் தெளிவாகச் சுட்டும் நடத்தை இது. குளிர்ந்திருக்கும்போது திரவத்தின் மின்தடை அதிகம்; சூடேறினால் குறையும். அதனால்தான் கருவி "சூடு பிடித்த" பிறகு வேலை செய்கிறது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, படம் இரண்டு நொடி வந்து இருண்டு போவது. அப்போது திரையில் கைவிளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ எரியாமல் நிற்கிறது. மின்தேக்கியாலும் அப்படி ஆகலாம், விளக்கே தீர்ந்து போனதாலும் ஆகலாம். ஆகவே மின்தேக்கி மாற்றினால் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது.

நம் நேர்வில் பின்மூடியைத் திறந்தால் பவர் போர்டின் வெளியீட்டுப் பக்கத்தில் மூன்று மின்தேக்கிகள். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் அளவில் இரண்டு. இரண்டின் தலையும் உப்பியுள்ளன. 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் அளவில் ஒன்று. பார்வைக்கு நன்றாக உள்ளது. மூன்றையும் மாற்ற வேண்டும். மூன்றும் ஒரே நாளில் பிறந்து, ஒரே சூட்டில் வேலை செய்தவை. உப்பாத மூன்றாவதை விட்டுவைத்தால் சில மாதங்களில் அதற்காக மறுபடி திறக்க வேண்டிவரும்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அதே போர்டின் மறுபுறம் கட்டை விரலைவிடப் பருத்த ஒரு மின்தேக்கி தனியாக நிற்கும். மேலே 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறும்போது அதன் உச்ச அளவான சுமார் 325 வோல்ட் இதில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். திருப்புளியால் இரு முனையையும் தொட்டுப் பொறி பறக்க வைப்பது தவறு. 2 கிலோ ஓம், 10 வாட் மின்தடையின் இரு முனையிலும் நன்கு காப்பிட்ட கம்பி இணைத்து, அதை மின்தேக்கியின் இரு முனைகளில் சில நொடிகள் வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் சுழியத்துக்கு அருகில் வந்ததைப் பார்த்த பிறகே போர்டைக் கையில் எடுக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் உடன் இல்லையென்றால் திறக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் இதே விதிதான். மாணவர்களை இந்த வேலையில் எக்காரணம் கொண்டும் ஈடுபடுத்தக் கூடாது.

இனி, வாங்குவது. கடையில் "1000-க்கு 25" என்று மட்டும் கேட்டால் சாதாரண ரகம் கொடுப்பார்கள். "105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர்." என்று சேர்த்துக் கேளுங்கள். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. மைக்ரோஃபாரட் அதே அளவாக இருக்கட்டும். உயரமும் குறுக்களவும் பார்க்க வேண்டும். மூடி மாட்ட முடியாமல் போனால் வேலை வீண். வேறொரு பழைய போர்டிலிருந்து கழற்றியதைப் போடுவது, ஒரு கிழவருக்குப் பதில் இன்னொரு கிழவரை வேலைக்கு வைப்பது போல.

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பியின் பக்கத்தில் பட்டை உள்ள பக்கம் எதிர்முனை. போர்டில் எதிர்முனையைக் குறிக்கும் முறை எல்லாத் தயாரிப்பாளரிடமும் ஒன்றல்ல. சிலர் வண்ணம் தீட்டிய பாதியை எதிர்முனை என்பார்கள், சிலர் அதையே நேர்முனை என்பார்கள். படம் இருந்தால் சந்தேகமில்லை. முனை மாறினால் புதிய மின்தேக்கி சில நொடிகளிலேயே சூடேறி வெடிக்கக் கூடும்.

மானிட்டரின் பவர் போர்டுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் மட்டும் செப்புத் தடம் உள்ளவை. 40 வாட் சால்டரிங் அயர்னில் ஈயம் எளிதில் உருகும். மின்தேக்கி கையோடு வரும். மூன்று மின்தேக்கிகளுக்கும் நூறு ரூபாய்க்குள், பழகியவருக்கு ஒரு மணி நேரம். ஆகவே பவர் போர்டில் மாற்றுவது நடக்கக்கூடியதா என்றால், ஆம், நடக்கக்கூடியது.

மதர்போர்டு ஏன் வேறு?

பாகம் அதேதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் பலகை வேறு. மதர்போர்டு நான்கு, ஆறு அடுக்குகளாக ஒட்டிய பலகை. எதிர்முனைக் கால், உள்ளே பலகை முழுவதும் பரவிய செப்புத் தகட்டோடு இணைந்திருக்கிறது. அயர்ன் தரும் சூட்டை அந்தத் தகடு இழுத்துக்கொள்வதால் ஈயம் மேலே மட்டும் உருகும், துளைக்குள் உருகாது. 2006-க்குப் பின் வந்த போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலக்காத பற்று. பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். இது சுமார் 217 டிகிரி கேட்கும்.

இந்த நிலையில் பொறுமையிழந்து இழுத்தால் மின்தேக்கி வந்துவிடும்; ஆனால் துளையின் உட்சுவரில் பூசிய செப்பும் அதோடு வந்துவிடும். உள்ளடுக்கோடு இருந்த இணைப்பு அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. புதியதைப் போட்டாலும் போர்டு உயிர் பெறாது. நான் முதலில் சொன்ன, மாற்றப் போய்ப் பாழான போர்டுகள் இவைதாம்.

முறைப்படி செய்பவர் வெப்பக் கட்டுப்பாடுள்ள 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையத்தைப் பயன்படுத்துவார். பழைய பற்றின் மேல் புதிய ஈயக் கலவை சேர்த்து அதன் உருகுநிலையைக் குறைப்பார். ஒரு காலைச் சூடாக்கிச் சற்றே சாய்த்து, மறு காலைச் சூடாக்கி மறுபக்கம் சாய்த்து, இழுக்காமல் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவருவார். துளையில் மிஞ்சிய பற்றைச் சூடாக்கி, மரப் பற்குச்சியால் வழி திறப்பார். உலோக ஊசியால் குத்தமாட்டார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கணினி அடிக்கடி தானாக மறுபடி தொடங்குகிறது. காலையில் மூன்று முறை பொத்தானை அழுத்தினால்தான் எழுகிறது. பிராசஸரைச் சுற்றி 6.3 வோல்ட் அளவில் எட்டு மின்தேக்கிகள், மூன்று உப்பியுள்ளன. எட்டையும் மாற்ற வேண்டும். அதாவது பதினாறு துளைகள். அவற்றில் ஒன்று கெட்டாலும் எல்லாம் வீணாகலாம். பாகத்தின் விலை சொற்பம், கைக்கூலிதான் செலவு. அந்தக் கூலியையும், கணினியின் வயதையும், அதில் இன்று நாம் ஓட்ட வேண்டிய மென்பொருள் ஓடுமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பத்து ஆண்டு கடந்த போர்டுக்கு இந்த வேலை பெரும்பாலும் கட்டுப்படியாகாது. நன்றாக உள்ள மெமரி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை எடுத்து அதே வகைக் கணினி ஒன்றுக்குப் பயன்படுத்துவதே மேல். ஒன்றிரண்டு மின்தேக்கிகள் மட்டும் உள்ள போர்டு, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கிறார் என்றால் கொடுத்துப் பார்க்கலாம்.

எப்படி முடிவு செய்தாலும், மதர்போர்டில் உப்பலைக் கண்ட அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தேர்வுப் பட்டியலோ மாணவர் விவரமோ அந்தக் கணினியில் இருந்தால் முதலில் அதை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். சீரற்ற மின்சாரம், கோப்பு எழுதப்படும் நடுவில் கணினியை நிறுத்திவிடும். போர்டை மாற்றலாம், மதிப்பெண் பட்டியலை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

பதிவேட்டில் என்ன எழுதுவது?

உத்தரவாதக் காலமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ள கருவியில் திருகாணியைத் தொடவே கூடாது. திறந்த தடயம் இருந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது. மற்றவற்றுக்கும் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பிறகே திறக்க வேண்டும்.

"கணினி பழுது" என்று மட்டும் எழுதினால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. "மதர்போர்டில் பிராசஸர் அருகே எட்டில் மூன்று மின்தேக்கிகள் உப்பியுள்ளன, எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பார்த்தும் அதே நிலை" என்று தேதியோடு எழுதி, எடுத்த படத்தையும் அச்சிட்டு ஒட்டிவிடுங்கள். பழுதுபார்க்க வருபவர் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதும், கருவியைக் கழிப்பதா என்று முடிவு செய்பவருக்கு உண்மை நிலையும் அந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

உங்கள் அறையின் மூலையில் உள்ள மானிட்டர்களில் முதலில் தேட வேண்டியது, "சூடான பிறகு வரும்" என்று யாரோ சொல்லி ஒதுக்கியதை. அதற்கு இன்னும் ஆயுள் இருக்க வாய்ப்பு அதிகம்.